ஒரே தராசில் நாற்பது மூட்டைகள்: உறுதியின்மைக் கணக்கில் ஒட்டுறவும் நேர்க்கூட்டலும்

ஆய்வுச் சுருக்கம்

அளவீட்டு உறுதியின்மையைக் கணக்கிடும்போது பல மூலங்களின் பங்களிப்புகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் காண்பது நடைமுறை. அம்மூலங்கள் ஒன்றையொன்று சாராதவை என்னும் நிபந்தனையின் மேல் நிற்கும் நடைமுறை இது. ஒரே கருவி, ஒரே திட்ட எடை, ஒரே கழிவு மதிப்பு ஆகியவை பல அளவீடுகளில் திரும்பத் திரும்ப நுழையும்போது அந்நிபந்தனை தகர்கிறது. மல்லசமுத்திரத்தில் நடைபெறுவது போன்ற பருத்தி ஏலத்தில் ஒரு குவியலின் மூட்டைகளை ஒரே தராசில் நிறுக்கும் நிலையை எடுத்துக்கொண்டு, எந்தப் பங்களிப்பை நேராகக் கூட்ட வேண்டும், எதை வர்க்கமூல முறையில் கூட்ட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒட்டுறவு உறுதியின்மையைக் குறைக்கும் எதிர்நிலையும், திரும்பத் திரும்ப எடுத்த அளவீடுகளில் ஒட்டுறவு ஏன் புலப்படுவதில்லை என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அளவீட்டு உறுதியின்மை, ஒட்டுறவு, உடன்மாறுபாடு, நேர்க்கூட்டல், வர்க்கமூலக் கூட்டல், எடையளவியல்.

முன்னுரை

நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில், திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளையில் பருத்தி ஏலம் நடைபெறுவது சேலம், நாமக்கல் சமவெளியின் உழவர்கள் நன்கறிந்தது. உழவர் பருத்தியை மூட்டைகளாகக் கொண்டுவருகிறார். விலை குவிண்டால் கணக்கில் நிர்ணயிக்கப்படுகிறது. பணம் மொத்த எடையைப் பொறுத்தது. ஆனால் மொத்த எடை என்னும் அளவு நேரடியாக அளக்கப்படுவதன்று. மூட்டை மூட்டையாக நிறுத்த எடைகளைக் கூட்டிப் பெறப்படுவது அது. ஆய்வகத்தில் பல பகுதிகளாக அளந்து கூட்டப்படும் எந்த அளவுக்கும் இது பொருந்தும்.

ஒரு மூட்டையின் எடையில் 58 கிராம் உறுதியின்மை இருக்கிறது எனக் கொள்வோம். நாற்பது மூட்டைகளின் மொத்தத்தில் எவ்வளவு? பெரும்பாலான ஆய்வேடுகளில் காணப்படும் விடை, 58 ஐ நாற்பதின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பெறுவது. ஏறத்தாழ 365 கிராம் வரும். 58 ஐ நாற்பதால் பெருக்கினால் 2.3 கிலோகிராம் வரும். இரண்டுக்கும் இடையே ஆறு மடங்குக்கு மேல் வேறுபாடு. இவற்றுள் எது சரி என்பது கணக்கு முறையைப் பொறுத்ததன்று. அந்த 58 கிராம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

வாய்பாடு சொல்வது

1993 இல் பன்னாட்டுத் தர நிறுவனம் வெளியிட்டு, பின்னர் ஜே.சி.ஜி.எம். 100:2008 என்னும் எண்ணுடன் வழங்கிவரும் உறுதியின்மை வழிகாட்டி, ஒருங்கிணைந்த திட்ட உறுதியின்மைக்கு முழுமையான வாய்பாட்டைத் தருகிறது. இரண்டு உள்ளீடுகளுக்கு அதனைச் சுருக்கி எழுதினால்:

u² = (c1·u1)² + (c2·u2)² + 2·c1·c2·u1·u2·r

இங்கு u1, u2 ஆகியவை உள்ளீடுகளின் திட்ட உறுதியின்மைகள். c1, c2 ஆகியவை உணர்திறன் கெழுக்கள். அதாவது உள்ளீடு ஓர் அலகு மாறும்போது விடை எவ்வளவு மாறும் என்பதைக் குறிப்பவை. r என்பது ஒட்டுறவுக் கெழு. r சுழியானால் மூன்றாம் உறுப்பு மறைந்து, நாம் பழகிய வர்க்கமூலக் கூட்டல் எஞ்சுகிறது. r ஒன்றானால் வலப்பக்கம் முழுவதும் (c1·u1 + c2·u2)² என்னும் முற்றுவர்க்கமாகிவிடுகிறது. வர்க்கமூலம் எடுத்தால் நேர்க்கூட்டல் கிடைக்கிறது. ஆகவே நேர்க்கூட்டல் தனியொரு விதியன்று. ஒரே வாய்பாட்டின் மறு எல்லை அது. கெழுக்களின் குறிகள் அப்படியே நிற்கின்றன என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது பெரிதும் பயன்படும்.

அதே வழிகாட்டி தரும் எடுத்துக்காட்டு ஒன்று நம் மூட்டைகளுக்கு மிக நெருக்கமானது. பத்து மின்தடையங்கள், ஒவ்வொன்றும் 1000 ஓம், ஒரே திட்டத் தடையத்துடன் ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்யப்படுகின்றன. ஒப்பீட்டின் உறுதியின்மை புறக்கணிக்கத்தக்கது. திட்டத் தடையத்தின் உறுதியின்மை 0.1 ஓம். பத்தையும் தொடராக இணைத்தால் கிடைக்கும் 10,000 ஓமின் உறுதியின்மை 1 ஓம். வர்க்கமூல முறையில் வரும் 0.32 ஓம் தவறு என்று வழிகாட்டி வெளிப்படையாகவே கூறுகிறது. திட்டத் தடையத்தின் மதிப்பு உண்மையில் 0.1 ஓம் கூடுதலாக இருந்தால் பத்துத் தடையங்களின் மதிப்புகளும் ஒரே திசையில் விலகியிருக்கும். ஒன்றின் மிகையை மற்றொன்றின் குறை ஈடுசெய்ய வழியே இல்லை. வர்க்கமூலக் கூட்டலின் உயிர் அந்த ஈடுசெய்தலில்தான் இருக்கிறது.

ஒரு குவியலின் கணக்கு

இனி மூட்டைகளுக்கு வருவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஏல மையத்திலும் அளந்து பெற்றவை அல்ல. ஆயினும் தராசு பற்றிய வரம்புகள் பன்னாட்டுச் சட்டமுறை எடையளவியல் அமைப்பின் ஆர் 76 பரிந்துரையைப் பின்பற்றியவை.

ஒரு குவியலில் 40 மூட்டைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிலோகிராம். நிறுப்பது 150 கிலோகிராம் கொள்ளளவும் 50 கிராம் பிரிவும் கொண்ட, மூன்றாம் துல்லிய வகுப்பைச் சேர்ந்த மின்னணு மேடைத் தராசு. 50 கிலோகிராம் என்பது 1000 பிரிவுகள். அந்த இடத்தில் சரிபார்த்து முத்திரையிடும்போது அனுமதிக்கப்படும் பெரும்பிழை ஒரு பிரிவு, அதாவது 50 கிராம். பயன்பாட்டில் இருக்கும்போது அனுமதி அதைப்போல் இருமடங்கு, 100 கிராம். முத்திரை இருக்கிறது என்பதைத் தவிரத் தராசைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாது எனில், அதன் பிழை −100 முதல் +100 கிராம் வரை எங்கும் இருக்கலாம். செவ்வகப் பரவலைக் கொண்டால் திட்ட உறுதியின்மை 100 ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் 57.7 கிராம்.

இது முதல் மூலம். இரண்டாவது, முகப்பு 50 கிராம் படிகளில் காட்டுவதால் வரும் முழுமையாக்கல். அரைப்படி 25 கிராம், திட்ட உறுதியின்மை 14.4 கிராம். மூன்றாவது, மூட்டையை மேடையில் வைக்கும் இடம், காற்று ஆகியவற்றால் எழும் சிதறல். இதனை 30 கிராம் என்போம். நான்காவது சாக்கு. மூட்டையின் மொத்த எடையிலிருந்து வெறுஞ்சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கையும் பிரித்து நிறுக்க நேரமில்லாதபோது ஒரு மாறாத கழிவு எடுக்கப்படும். அதே வகையைச் சேர்ந்த வேறு பத்துச் சாக்குகளைத் துல்லியமான சிறு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்ததில் சராசரி 1.00 கிலோகிராம், திட்ட விலக்கம் 60 கிராம் என்று கொள்வோம்.

இந்த நான்காவது மூலம்தான் கருத்தூன்றி நோக்கத்தக்கது. சாக்கால் வரும் உறுதியின்மை ஒரே பொருளைப் பற்றியதாகத் தோன்றினாலும் அதனுள் இரண்டு வேறு கூறுகள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு சாக்கும் சராசரியிலிருந்து தன்போக்கில் 60 கிராம் அளவுக்கு விலகுகிறது. ஒரு சாக்கு கனத்தால் மற்றொன்று இலேசாகலாம். இது மூட்டைக்கு மூட்டை சாராதது. ஆனால் 1.00 கிலோகிராம் என்ற சராசரியே பத்துச் சாக்குகளை மட்டும் கொண்டு பெறப்பட்டது. அதன் உறுதியின்மை 60 ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க 19 கிராம். அந்த 19 கிராம் நாற்பது மூட்டைகளிலும் ஒரே மதிப்பாக, ஒரே குறியுடன் நுழைகிறது.

இப்போது கூட்டலாம். தராசின் பிழை நாற்பது மூட்டைகளுக்கும் பொது. எனவே 40 × 57.7 = 2309 கிராம். கழிவுச் சராசரியும் பொது; 40 × 19 = 759 கிராம். சாக்குகளின் தனிச் சிதறல் சாராதது. 60 ஐ நாற்பதின் வர்க்கமூலமான 6.32 ஆல் பெருக்க 379 கிராம். வைப்பிடச் சிதறல் அதே முறையில் 190 கிராம். முழுமையாக்கல் 91 கிராம். இந்த ஐந்து மொத்தங்களும் தம்முள் ஒன்றையொன்று சாராதவை. தராசின் பிழைக்கும் சாக்கின் சராசரிக்கும் தொடர்பேதும் இல்லை. ஆகவே ஐந்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுக்கிறோம். விடை 2.47 கிலோகிராம்.

நாற்பது மூட்டைகளுக்கும் எல்லாவற்றையும் வர்க்கமூல முறையில் கூட்டியிருந்தால் 0.58 கிலோகிராம் வந்திருக்கும். எதற்கும் இடர்ப்பட வேண்டாம் என்று அனைத்தையும் நேராகக் கூட்டியிருந்தால் 7.24 கிலோகிராம் வந்திருக்கும். முதலாவது தன்னையறியாத துணிவு. இரண்டாவது பொருளற்ற அச்சம். இரண்டிலும் எது எதனுடன் பொதுவானது என்ற வினா எழுப்பப்படவேயில்லை.

பொருளுரைக்கும் பகுதியில் ஒரு குறிப்பு தேவை. 2.47 கிலோகிராமை இரண்டால் பெருக்கி 4.9 கிலோகிராம் என்று விரிவுறுத்திய உறுதியின்மையாக அறிவிப்பது வழக்கம். இங்கு மேலோங்கி நிற்பது ஒரே செவ்வகப் பரவல் என்பதால் இரண்டு என்னும் பெருக்கி சற்று மிகை. தராசு முத்திரை வரம்புக்குள் இருக்கும்வரை அதனால் மட்டும் வரக்கூடிய பெரும்பிழை 4 கிலோகிராமைத் தாண்டாது. பல சாராத மூலங்கள் கூடி இயல்நிலைப் பரவலை உண்டாக்கும் என்ற வாதம், ஒரு பொதுமூலம் ஆட்சி செய்யும் இடத்தில் வலுவிழக்கிறது. பெருக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒட்டுறவு இவ்வாறு மீண்டும் தலைகாட்டுகிறது.

சிறிய r, பெரிய விளைவு

மேற்கண்ட கணக்கில் ஒட்டுறவுக் கெழு என்ற எண் எங்கும் பயன்படுத்தப்படவில்லை. பொதுவான மூலத்தைத் தனியொரு உள்ளீடாகப் பிரித்து எழுதியவுடன் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. ஆயினும் அதனைக் கண்டறிய முடியும். ஏதேனும் இரண்டு மூட்டைகளின் நிகர எடைகளுக்கிடையே r என்பது பொதுக்கூறுகளின் வர்க்கத்தை மொத்த வர்க்கத்தால் வகுத்த ஈவு. இங்கே பொதுக்கூறுகள் 3333 + 360 = 3693. மொத்தம் 8402. ஆகவே r = 0.44.

0.44 என்பது புள்ளியியல் பாடநூல்களின் வழக்கில் நடுத்தர ஒட்டுறவு. ஆனால் அதன் விளைவு நடுத்தரமானதன்று. சம உறுதியின்மை கொண்ட n அளவீடுகளைக் கூட்டும்போது, சாராத நிலையில் வரும் வர்க்க மதிப்பு 1 + (n − 1)·r மடங்காகப் பெருகுகிறது. நாற்பது மூட்டைகளுக்கு இது 18.1 மடங்கு; மூலம் எடுத்தால் 4.26 மடங்கு. r வெறும் 0.05 ஆக இருந்தாலும் பெருக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு. ‘ஒட்டுறவு சிறிது; புறக்கணிக்கலாம்’ என்ற வாசகம் இரண்டு உள்ளீடுகளுக்குப் பொருந்தலாம். நாற்பதுக்குப் பொருந்தாது. n உயர உயரச் சாராத பங்களிப்பின் சார்புப் பங்கு தேய்கிறது. பொதுப் பங்களிப்பின் பங்கு தேய்வதேயில்லை.

இதனைப் பணத்தில் காண்பது பயனுடையது. கணக்குக்காகக் கிலோகிராம் 70 ரூபாய் எனக் கொண்டால், ஒரு குவியலில் 2.47 கிலோகிராம் என்பது 173 ரூபாய். உழவரும் வணிகரும் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். ஆனால் அதே தராசில் பருவம் முழுவதும் இத்தகைய ஐம்பது குவியல்கள், அதாவது 2000 மூட்டைகள், நிறுக்கப்பட்டால் தராசுப் பிழையின் பங்கு மட்டும் 115 கிலோகிராம். மதிப்பு 8,000 ரூபாய்க்கு மேல். வர்க்கமூல முறையோ அதனை 2.6 கிலோகிராம் என்று, 180 ரூபாய் அளவில் காட்டும். அத்தொகை முழுவதும் விற்போர் பக்கமோ வாங்குவோர் பக்கமோ ஒரே பக்கத்தில்தான் சாயும் என்பதே நேர்க்கூட்டல் உணர்த்தும் செய்தி.

தரவு ஏன் காட்டிக்கொடுப்பதில்லை

ஆய்வு மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் ஒரு முறை இங்கு விவாதிக்கத்தக்கது. உள்ளீடுகள் ஒட்டுறவு உடையனவா என்று அறிய, அளவீட்டுத் தொடர்களை மென்பொருளில் இட்டு ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுகின்றனர். விடை சுழிக்கு அருகில் வந்தால் சாராதவை என்று முடிவு செய்து வர்க்கமூலக் கூட்டலுக்குச் செல்கின்றனர். முறை நேர்மையானதே. ஆனால் அது வேறொரு வினாவுக்கு விடை சொல்கிறது.

நம் தராசில் உண்மைப் பிழை +70 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 50 கிலோகிராம் உள்ள ஒரு பொருளை அதில் இருபது முறை நிறுக்கிறோம். அளவீடுகள் 50.05, 50.10, 50.05, 50.10 என்று 50.07 ஐச் சுற்றிச் சிதறும். அடுத்தடுத்த அளவீடுகளுக்கிடையே கெழு காணுங்கள். சுழியை ஒட்டியே வரும். அந்த 70 கிராம் இருபது அளவீடுகளிலும் மாறாமல் இருந்தது. மாறாத ஒன்றுக்கு மாறுபாடு இல்லை. ஆகவே உடன்மாறுபாடும் இல்லை. தொடரளவீடுகளிலிருந்து பெறும் கெழு, அளந்த நேரத்துக்குள் எவை மாறினவோ அவற்றின் ஒட்டுறவை மட்டுமே காட்டும். தராசின் பிழையோ நம் அறியாமையில் மட்டும் ‘மாறக்கூடியது’, களத்தில் நிலையானது.

ஏ வகை, பி வகை என்னும் பகுப்பு இங்கு உதவும். தொடரளவீட்டின் சிதறலிலிருந்து பெறுவது ஏ வகை. சான்றிதழ், முத்திரை வரம்பு, கருவி விவரக்குறிப்பு போன்ற முன்னறிவிலிருந்து பெறுவது பி வகை. பெரும்பாலான நேர்க்கூட்டல்கள் பி வகைப் பங்களிப்புகளில்தான் தேவைப்படுகின்றன. அவற்றின் ஒட்டுறவைத் தரவில் தேடுவது வீண். அளவீட்டு வரலாற்றில் தேட வேண்டும். இவ்விரண்டு மூட்டைகளும் எந்தத் தராசில் ஏறின? இவ்விரண்டு கரைசல்களும் எந்தக் குடுவையில் ஆக்கப்பட்டன? இவ்விரண்டு வெப்பமானிகளும் எந்தத் தொட்டியில், எந்த மேற்கோள் வெப்பமானியுடன் ஒப்பிடப்பட்டன? இவ்வினாக்களுக்கு விடை தருவது ஆய்வகக் குறிப்பேடு, மென்பொருள் அன்று.

குறி மாறும்போது

ஒட்டுறவு எப்போதும் உறுதியின்மையைக் கூட்டும் என்பது பிழையான எண்ணம். லாரியோடு பருத்தியை எடைமேடையில் நிறுக்கும் நிலை அதற்கு மறுப்பு. ஏற்றிய லாரி 12,000 கிலோகிராம், வெற்று லாரி 5,000 கிலோகிராம், சரக்கு 7,000 கிலோகிராம் என்க. எடைமேடையின் அளவுவிகிதத்தில், அதாவது ஏற்றத்துக்கு ஏற்பப் பெருகும் பிழையில், திட்ட உறுதியின்மை 0.05 விழுக்காடு என்போம். ஏற்றிய எடைக்கு அது 6 கிலோகிராம், வெற்றெடைக்கு 2.5 கிலோகிராம்.

இரண்டும் ஒரே எடைமேடையில் நிறுக்கப்பட்டால் ஒட்டுறவு முழுமையானது. ஆனால் உணர்திறன் கெழுக்கள் +1, −1. நேர்க்கூட்டல் இங்கு 6 − 2.5 = 3.5 கிலோகிராம் ஆகிறது. இது 7,000 இன் 0.05 விழுக்காடே என்பதைக் கவனித்தால் கணக்கு தெளிவாகும். வர்க்கமூல முறை 6.5 கிலோகிராம் தரும். அது இரண்டு எடைகளும் இரு வேறு எடைமேடைகளில் நிறுக்கப்பட்டிருந்தால் பொருந்தும் மதிப்பு. குறியை மறந்து நேராகக் கூட்டினால் வரும் 8.5 கிலோகிராமுக்கு, இவ்வெடைமேடையைப் பொறுத்தவரை, எந்தப் பொருளும் இல்லை. ஏற்றிய லாரியையும் வெற்று லாரியையும் ஒரே மேடையில் நிறுக்க வேண்டும் என்று வணிகர்கள் வற்புறுத்துவதற்குப் பின்னால் இக்கணக்கு இருக்கிறது. அவர்கள் அதனை வாய்பாடாக எழுதியதில்லை, அவ்வளவுதான்.

சுழிப் பிழை இன்னும் நுட்பமானது. லாரி இல்லாதபோது முகப்பு 0 காட்ட வேண்டிய இடத்தில் உண்மையில் சில கிலோகிராம் விலகியிருந்தால், அவ்விலகல் இரு நிறுவைகளிலும் இருந்து கழித்தலில் மறைந்துவிடும். ஆனால் இரண்டு நிறுவைகளுக்கும் இடையே யாரேனும் சுழிப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பொதுத்தன்மை அறுபட்டுவிடுகிறது. சுழிப் பிழைகள் இரண்டும் அப்போது சாராதவை. அவற்றை வர்க்கமூல முறையில்தான் கூட்ட வேண்டும். ஆக ஒட்டுறவைத் தீர்மானிப்பது கருவி மட்டுமன்று, கருவியைக் கையாண்ட முறையும்.

இதன் தொடர்பில் ஒரு பரவலான அறிவுரையைத் திருத்த வேண்டியிருக்கிறது. திட்ட எடைகள் பற்றிய ஆர் 111 பரிந்துரை, பல மேற்கோள் எடைகளைச் சேர்த்துப் பயன்படுத்தும்போது அவற்றின் உடன்மாறுபாடு தெரியாவிட்டால் ஒட்டுறவுக் கெழுவை 1 எனக் கொள்ளலாம் என்றும், அது மேல்வரம்பைத் தரும் என்றும் கூறுகிறது. எடைகள் கூட்டப்படுவதால் அங்கு அது முற்றும் சரி. அதனை ‘தெரியாவிட்டால் r = 1’ என்ற பொதுவிதியாக்கிக் கழித்தல் வரும் இடங்களிலும் பயன்படுத்துவோர் உள்ளனர். கழித்தலில் r = 1 தருவது கீழ்வரம்பு. பாதுகாப்பான பக்கத்தில் நிற்கிறோம் என்ற எண்ணத்துடன் மிகச் சிறிய மதிப்பை அறிவிக்க நேரும்.

பொதுமூலத்தைச் சிறிதாக்குதல்

நாற்பது மூட்டைக் கணக்குக்குத் திரும்புவோம். 2.47 கிலோகிராமில் ஏறத்தாழ முழுவதும் தராசின் பொதுப்பிழை. அதனைக் குறைக்க மூட்டைகளை மீண்டும் மீண்டும் நிறுப்பதால் பயனில்லை. வைப்பிடச் சிதறல் மட்டுமே குறையும். தராசைத் திட்ட எடைகளுடன் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறிந்து திருத்துவதுதான் வழி.

எம்1 வகுப்புத் திட்ட எடைகளில் 20 கிலோகிராமுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 1 கிராம். 10 கிலோகிராமுக்கு அரை கிராம். இரண்டு 20, ஒரு 10 என அடுக்கி 50 கிலோகிராம் ஆக்கினால் எல்லைகளை நேராகக் கூட்டி 2.5 கிராம். திட்ட உறுதியின்மை 1.4 கிராம். இந்த அடுக்கை இருபது முறை நிறுத்துச் சராசரி எடுத்தால், வைப்பிடச் சிதறலும் முழுமையாக்கலும் சேர்ந்த 33 கிராம் 7.4 கிராமாகக் குறைகிறது. இரண்டையும் சேர்க்க 7.6 கிராம். திருத்தத்தின் இவ்வுறுதியின்மையும் நாற்பது மூட்டைகளுக்கும் பொதுவே. ஆகவே 40 ஆல் பெருக்க வேண்டும். 303 கிராம் வருகிறது. 2309 கிராம் இருந்த இடத்தில் இப்போது 303. மொத்த உறுதியின்மை 0.93 கிலோகிராம்.

மூட்டைகளை நிறுத்தபோது சாராததாக இருந்த வைப்பிடச் சிதறல், திட்ட எடைகளை நிறுத்த இருபது அளவீடுகளின் சராசரிக்குள் நுழைந்தவுடன் பொதுவாகிவிட்டது என்பதை இங்கு காணலாம். சிதறலின் இயல்பு மாறவில்லை. அது கணக்கில் நுழையும் இடம் மாறிவிட்டது. சாக்கின் சராசரியில் கண்டதும் இதுவே.

தராசு அடங்கியபின் பட்டியலின் தலைப்பில் வந்து நிற்பது சாக்குக் கழிவின் 759 கிராம். பத்துக்குப் பதிலாக வேறு நாற்பது சாக்குகளை நிறுத்துச் சராசரி எடுத்தால் அது 379 கிராமாகக் குறைந்து மொத்தம் 0.65 கிலோகிராம் ஆகும். பருத்தியைக் கொட்டியபின் அதே நாற்பது வெறுஞ்சாக்குகளை ஒருங்கே நிறுத்துக் கழிக்க முடிந்தால் சராசரியின் உறுதியின்மையும் தனிச் சிதறலும் இரண்டுமே விலகிவிடும். இருக்கும் இருபது நிமிடத்தை எங்குச் செலவிடுவது என்று ஏலக் களத்தில் இருப்பவர் முடிவுசெய்ய உதவுவது இத்தகைய பட்டியல்தான். அனைத்தையும் வர்க்கமூல முறையில் எழுதிய பட்டியலில் முதலிடம் பெறுவது சாக்குகளின் தனிச் சிதறல். அதைப் பின்பற்றி உழைத்தால் தராசின் பக்கம் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

இரண்டு தராசுகளைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. இருபது மூட்டைகள் ஒன்றிலும் இருபது மற்றொன்றிலும் நிறுக்கப்பட்டால், திருத்தம் செய்யாத நிலையில், ஒவ்வொரு தராசுக்குள்ளும் நேர்க்கூட்டல், தராசுகளுக்கிடையே வர்க்கமூலக் கூட்டல். தராசின் பங்கு 2309 இலிருந்து 1633 கிராமாகக் குறையும். இரண்டையும் ஒரே திட்ட எடைகளால் சரிபார்த்திருந்தால் அத்திட்ட எடைகளின் பிழை இரண்டுக்கும் பொதுவாக எஞ்சும். ஆனால் மேலே கண்டவாறு அது 1.4 கிராம் மட்டுமே என்பதால் இங்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொதுவான மூலம் ஒன்று இருக்கிறது என்று கண்டவுடன் எல்லாவற்றையும் நேராகக் கூட்டிவிடக் கூடாது. அந்தப் பொதுக்கூறு எவ்வளவு என்று பார்த்து அதனை மட்டும் கூட்ட வேண்டும்.

கண்டறியும் சோதனையும் அதன் எல்லையும்

பொதுப்பிழை இருக்கிறதா என்பதை, சாராத மற்றொரு வழியில் பெற்ற மொத்தத்துடன் ஒப்பிட்டு அறியலாம். 10, 20, 40 மூட்டைகள் நிறுத்தபின் இரு வழிகளின் வேறுபாட்டைக் குறித்துவைத்தால், பொதுப்பிழை மூட்டை எண்ணிக்கைக்கு நேர்விகிதமாக வளரும். 60 கிராம் பொதுப்பிழை எனில் 0.6, 1.2, 2.4 கிலோகிராம். சாராத சிதறல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். 33 கிராம் எனில் ஏறத்தாழ 0.10, 0.15, 0.21 கிலோகிராம். நாற்பதை எட்டும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள இயலாது.

ஆனால் ஒப்பிடும் மற்ற வழி எது என்பதில் கவனம் வேண்டும். ஏலக் களத்தில் எளிதாகக் கிடைக்கும் லாரி எடைமேடை இதற்கு உதவாது. அதன் பிரிவு 5 அல்லது 10 கிலோகிராம் என்றிருக்கும்போது 2.4 கிலோகிராம் வேறுபாடு அதன் முகப்பில் தோன்றவே தோன்றாது. எடைமேடையும் மூட்டைத் தராசும் ஒத்துப்போயின என்ற சான்று இந்நிலையில் எதையும் நிறுவுவதில்லை. வேறொரு நாளில், வேறு திட்ட எடைகளால் சரிபார்க்கப்பட்ட இரண்டாவது மேடைத் தராசு தேவை. அல்லது திட்ட எடைகளே தேவை.

இக்கணக்கு முழுவதிலும் தராசின் பிழை நாள் முழுவதும் மாறாது என்ற கருதுகோள் உள்ளது. நண்பகல் வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் தராசின் லோடு செல் காலையில் இருந்தவாறே இருக்கும் என்று கொள்ள இயலாது. பிழை மெல்ல நகருமானால் அடுத்தடுத்த மூட்டைகள் பெரிதும் ஒட்டுறவு உடையனவாகவும், காலை மூட்டையும் மாலை மூட்டையும் குறைந்த ஒட்டுறவு உடையனவாகவும் இருக்கும். நகர்வை மாதிரிப்படுத்துவது கடினம். ஆனால் காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளை திட்ட எடையை ஏற்றிப் பார்த்து அவ்வப்போதே திருத்தினால், ஒவ்வொரு வேளைக்குள்ளும் திருத்தத்தின் உறுதியின்மையை நேராகவும், வேளைகளுக்கிடையே வர்க்கமூல முறையிலும் கூட்டலாம். ஒவ்வொரு மூட்டையின் எடைக்கு எதிரிலும் நிறுத்த வேளையையும் தராசின் எண்ணையும் பதிவேட்டில் குறித்திருந்தால் மட்டுமே பின்னொரு நாளில் இக்கணக்கை யாராலும் செய்ய முடியும்.